தோசை, மழை, விறகடுப்பு: மூன்றையும் சேர்த்தால் ஒரே இரைச்சலாகிறது, என்ன செய்யலாம்?

மீனா_வரைகிறாள்

வணக்கம். பிளெண்டரில் 40 நொடிக்கு ஓர் அனிமேஷன் செய்திருக்கிறேன். ஓட்டு வீடு, இரவு, வெளியே மழை. பாட்டி விறகடுப்பில் தோசை சுடுகிறாள். 31ஆவது நொடியில் பேரன் நனைந்துகொண்டே வந்து கதவைத் திறக்கிறான். வசனம் கிடையாது.

படம் ஊமையாக இருந்ததால் மழை, அடுப்பு படபடப்பது, கல்லில் மாவு ஊற்றும் ஓசை என மூன்றையும் இணையத்திலிருந்து இறக்கி வைத்தேன். தனித்தனியாகக் கேட்டால் அருமையாக இருக்கின்றன. சேர்த்து ஓட்டினால் நிலையம் கிடைக்காத பழைய ரேடியோ மாதிரி ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரே இரைச்சல். தோசை கேட்கவில்லை என்று அதைக் கூட்டினேன். அப்புறம் மழை போதவில்லை என்று அதையும் கூட்டினேன். இப்போது எல்லாமே கத்துகின்றன. போனில் கேட்டால் இன்னும் மோசம். எங்கே தப்பு?

ராமு_73

ரெண்டர் பண்ணும்போது சத்தம் வரவில்லை என்றால் Output பகுதியில் Audio Codec என்ன இருக்கிறது என்று பாருங்கள். No Audio என்று இருந்தால் AAC ஆக மாற்றுங்கள். நான் இதில் இரண்டு நாள் தொலைத்திருக்கிறேன்.

மீனா_வரைகிறாள்

சத்தம் வருகிறது அண்ணா. வருவதுதான் பிரச்சினையே.

டிரம்ஸ்_கார்த்தி

ரிவெர்ப் போடவில்லை, அதனால்தான் ஒட்டாமல் நிற்கிறது. எல்லா ட்ராக்குக்கும் ஒரே ரிவெர்ப் கொடுங்கள், ஒரே இடத்தில் நடப்பது போல ஆகிவிடும்.

மீனா_வரைகிறாள்

போட்டுப் பார்த்தேன். பாட்டி கிணற்றுக்குள் உட்கார்ந்து தோசை சுடுகிறாள்.

ஒலிப்பெட்டி

கார்த்தி சொல்வதில் பாதி சரி. பக்கத்தில் மைக் வைத்துப் பதிந்த கரண்டி ஓசை போன்றவற்றுக்குச் சின்ன அறையின் ரிவெர்ப் கொஞ்சம் வேண்டும். மழைக்கு வேண்டாம். அது ஏற்கெனவே பரந்த வெளியில் பதிவானது. அதன்மேல் இன்னும் பூசினால் இரைச்சல் கெட்டிப்படும், அவ்வளவுதான்.

மீனா, முதலில் ஒன்று கேட்கிறேன். நீங்கள் இறக்கிய மழை எங்கே பெய்கிறது? தெருவிலோ இலை மேலோ பெய்வதாகத்தான் இருக்கும். உங்கள் கேமரா இருப்பதோ கதவு சாத்திய சமையலறைக்குள். அந்தப் பதிவை அப்படியே வைத்தால் பாட்டி முற்றத்தில் உட்கார்ந்து சுடுகிற மாதிரிதான் காது எடுத்துக்கொள்ளும்.

அதோடு மழை, தோசை, தீ மூன்றும் ஒரே சாதி ஓசைகள். குறிப்பிட்ட சுருதி எதுவும் இல்லாமல் கீழிருந்து மேல்வரை பரவிக்கிடக்கும் இரைச்சல்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எண்ணெயில் பொரிவதையும் மழையையும் பிரித்துச் சொல்வதே கஷ்டம். அதனால் வால்யூமைக் கூட்டிக் கூட்டி எதையும் பிரிக்க முடியாது. ஆளுக்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டும்.

சுவரும் சாத்திய கதவும் கூர்மையான ஓசையைத்தான் அதிகம் தடுக்கும், கனத்த ஓசை உள்ளே வந்துவிடும். ஆகவே மழை ட்ராக்கில் Low-Pass Filter போட்டு 1000 Hz-இல் தொடங்கிப் பாருங்கள். ‘ஸ்ஸ்’ போய் ‘ம்ம்ம்’ என்று ஆகிவிடும். அப்போது மேல்பகுதி காலியாகிறது, அதைத் தோசைக்குக் கொடுங்கள். தோசையை நீங்கள் கூட்டவே தேவையிருக்காது.

ஆனால் இந்த ‘ம்ம்ம்’ போன் ஸ்பீக்கரில் பாதிகூட வராது, மழையே நின்றுவிட்ட மாதிரி இருக்கும். அதற்கு ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர். தாழ்வாரத்துக்குக் கீழே பித்தளைக் குடமோ தகர வாளியோ வைத்திருப்பார்கள் அல்லவா, அதில் விழும் ‘டொக்’. பத்து நொடிக்கு மூன்று நான்கு போதும், ஒழுங்கில்லாத இடைவெளியில். எந்த ஸ்பீக்கரிலும் கேட்கும், மழை இன்னும் பெய்கிறது என்றும் தெரிந்துவிடும்.

தோசையை நீங்களே பதியுங்கள். புகைபோக்கி விசிறியையும் ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டு, போனைக் கல்லுக்கு மேலே பிடிக்காமல் பக்கவாட்டில் ஒன்றரைச் சாண் தள்ளி வையுங்கள். மாவு ஊற்றுகிற ஓசை நாம் நினைக்கிற அளவு பெரியதில்லை. கல் காய்ந்ததா என்று தண்ணீர் தெளிக்கும்போது வருகிற ‘சுர்ர்’தான் ‘தோசை’ என்று சொல்லும். படத்தில் பாட்டி தண்ணீர் தெளிக்கிறாளா?

மீனா_வரைகிறாள்

தெளிக்கிறாள்! 289ஆவது பிரேமில் துளி கல்லில் படுகிறது. நொடிக்கு 24 பிரேம்.

ஒலிப்பெட்டி

எண்ணுவது 1-இல் தொடங்குகிறது என்றால் ஒன்றைக் கழித்து 288-ஐ 24-ஆல் வகுங்கள், சரியாக 12 நொடி. பதிவின் முன்னால் இருக்கும் மௌனத்தை வெட்டிவிட்டு, ‘சுர்’ரின் முதல் அலையை அங்கே வையுங்கள். ஒரு பிரேம் பிந்தினால் பரவாயில்லை, முந்தக் கூடாது. துளி விழும் முன்பே ஓசை வந்தால் உடனே உறுத்தும்.

இனி கதவு. மழை ட்ராக்கை நகலெடுத்து நேர் கீழே வையுங்கள். மேலே இருப்பது மங்கிய மழை, கீழே இருப்பது ஃபில்டர் போடாத அதே மழை. கதவு அசையும் கணத்திலிருந்து முழுதாகத் திறக்கும்வரை மேலதைக் குறைத்துக் கீழதைக் கூட்டுங்கள். வேறு மழைக் கோப்பைப் போட்டுவிடாதீர்கள், கதவுக்கு வெளியே வேறு ஊர் வந்துவிடும்.

சுப்பு_டுடோரியல்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் எக்ஸெல் பாடத்துக்கு ஸ்கிரீன் ரெக்கார்டிங் செய்கிறேன், குரல் இல்லாமல். செத்த மாதிரி இருக்கிறது. மழை போடலாமா?

ஒலிப்பெட்டி

வேண்டாம் சார். எக்ஸெலுக்குள் மழை பெய்யக் காரணம் இல்லை. உங்கள் அறையின் மௌனத்தை ஒரு நிமிடம் பதிந்து மிகச் சன்னமாக அடியில் ஓட்டுங்கள். மௌஸ் கிளிக் எல்லாவற்றுக்கும் ஓசை வைத்தால் மரங்கொத்தி கொத்துகிற மாதிரி ஆகிவிடும். பார்ப்பவர் கவனிக்க வேண்டிய கிளிக்குக்கு மட்டும் வையுங்கள்.

மீனா_வரைகிறாள்

செய்து பார்த்தேன். 1000 ரொம்ப மூடியதுபோல இருந்தது, 1400-இல் நிறுத்தினேன். அண்ணா சொன்ன மாதிரி தோசையைத் தொடவே இல்லை, தானாக முன்னால் வந்துவிட்டது! கதவு திறக்கும்போது அம்மா “சாத்துடா, சாரல் அடிக்குது” என்றார், படத்தைப் பார்த்து.

இரண்டு சிக்கல் மிச்சம். மழைக் கோப்பு 18 நொடிதான். திரும்ப ஆரம்பிக்கும் இடத்தில் ‘டிக்’ என்கிறது, ஒரு தவளை வேறு கணக்காக 18 நொடிக்கு ஒருமுறை கத்துகிறது. இன்னொன்று, அடுப்பின் படபடப்பு வாளியில் சொட்டுவது போலவே கேட்கிறது.

ஒலிப்பெட்டி

கோப்பை நடுவில் வெட்டி, பின்பாதியை முன்னாலும் முன்பாதியைப் பின்னாலும் வையுங்கள். பழைய தொடக்கமும் முடிவும் இப்போது நடுவில் சந்திக்கும். அங்கே இரண்டு நொடி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கலந்துவிடுங்கள். இரண்டு ஓரங்களும் ஒரே இடத்தில் வெட்டியவை, அதனால் திரும்ப ஓடும்போது ‘டிக்’ வராது. தவளையை வெட்டி எறியுங்கள். வேண்டுமென்றால் ஒரே ஒருமுறை, கதவு திறந்த பிறகு கத்தட்டும்.

டிரம்ஸ்_கார்த்தி

அடுப்பு ஓசையை எடுத்தே விடுங்கள். தீ கண்ணுக்குத் தெரிகிறதே, போதும்.

ஒலிப்பெட்டி

எனக்கு அதில் உடன்பாடில்லை. தொடர்ச்சியாக ஓடும் படபடப்பை எடுத்துவிடலாம். ஆனால் படத்தில் பொறி தெறிக்கிற இடத்தில் மட்டும் ஒரு ‘பட்’ வைத்தால் கண் பார்த்ததைக் காது நம்பும், சொட்டோடு குழம்பாது.

மீனா_வரைகிறாள்

என் தீயில் பொறியே தெறிக்கவில்லை அண்ணா. அதை வரையச் சொல்கிறீர்களா?

டிரம்ஸ்_கார்த்தி

அதற்குத்தான் எடுத்துவிடச் சொன்னேன்.

மீனா_வரைகிறாள்

இரண்டையும் ரெண்டர் போட்டுவிட்டு வருகிறேன். பொறி வரைய எப்படியும் ஓர் இரவு ஆகும்.