புதுப்பிப்பு: செங்கோட்டை வீட்டு கம்பி கட்டிங் லிஸ்ட்

போன வாரம் நான் கேட்டது: "12 எம்எம் கம்பியில 4.35 மீட்டர் பீமுக்கு ரெண்டு வெட்டினா மிச்சம் வீணாகுது, என்ன பண்ண?"

புனலூர்ல சைட் பாக்குற சேட்டன் சொன்னதுதான் கை குடுத்துச்சு. நான் வெளி அளவை அப்படியே கூட்டிருந்தேன், ரெண்டு முனையிலயும் எல் வளைவு இருக்கு, ஒரு வளைவுக்கு 2d, அதாவது கம்பி விட்டத்துல ரெண்டு மடங்கு, ரெண்டுக்கும் சேத்து 48 எம்எம் கழிச்சா வெட்டு நீளம் 4.30தான். 12 மீட்டர்ல ரெண்டு போக 3.40 மிச்சம், பாத்ரூம் பீமுக்கு வேண்டிய 3.35 அதுலயே வந்துடுது. முன்ன கணக்குல 3.30தான் நின்னுச்சு, அதான் தனியா 4 கம்பி போட்டிருந்தேன். இப்ப 24 பீம் கம்பியும் 12 சின்னதும் மொத்தம் 12 கம்பியில முடிஞ்சுது, அந்த 4 கம்பி வாங்குற 42 கிலோ மிச்சமாச்சு.

மேஸ்திரி அண்ணாச்சி துண்ட ஒட்டு போட்டுக்கலாம்னார். போடலாம், ஆனா 50d வச்சா 60 சென்டிமீட்டர் அதுலயே போயிரும், அடிக்கம்பிக்கு நடு ஸ்பான்ல ஒட்டு கூடவே கூடாது.

ஒண்ணு கவனிங்க, லாரியில மடக்கி வர்ற கம்பியில அந்த மடிப்பு ரெண்டாவது துண்டுல விழும், நிமித்தி டேப் வச்சு அளந்துட்டு வெட்டுங்க. எங்களுக்கு ஒரு கம்பி 4 சென்டிமீட்டர் குறைவாவே வந்துச்சு, நல்லவேளை 5 சென்டிமீட்டர் கையில இருந்துச்சு.

8 எம்எம் ரிங் துண்டுகள என்ன பண்றதுன்னு இன்னும் பிடிபடல.