எக்ஸ்ட்ரேனியஸ் லோட்: புறச்சுமையா, வீண்சுமையா?

ரெதுய், மொரீஷியஸ்

அனைவருக்கும் வணக்கம். நான் சர்க்கரைப் பொறியியல் நடத்துகிறேன். புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர்களுக்கு ஸ்லைடு தயாரிப்பது பற்றி ஒரு குறிப்பு எழுதினேன். தமிழ் கற்பிக்கும் இருவர் அதைத் தமிழில் கேட்டார்கள். முதல் பத்தியிலேயே சொல் கிடைக்காமல் நின்றுவிட்டேன். கற்கும்போது மனத்தின் மேல் ஏறும் பாரமான காக்னிட்டிவ் லோடை 'அறிவாற்றல் சுமை' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அவசரமாக வேண்டியது அதில் ஒரு வகையான எக்ஸ்ட்ரேனியஸ் லோடுக்கான சொல். பாடத்தின் கடினத்தால் வராமல், நாம் அதைக் காட்டும் விதத்தால் மாணவர் தலையில் ஏறும் பாரம் அது. இப்போதைக்குப் 'புறச்சுமை' என்று வைத்திருக்கிறேன்.

சொல் எதைக் குறிக்க வேண்டும் என்பதற்கு என் பழைய ஸ்லைடையே சொல்கிறேன். ஆலையில் கரும்புச் சாற்றைச் சுண்டவைக்கும் நான்கு ஆவியாக்கிக் கலன்கள் பற்றியது. இடப்பக்கம் படம், அதில் A முதல் H வரை எழுத்துகள். வலப்பக்கம் அந்த எழுத்துகளுக்கான பெயர்ப் பட்டியல். கீழே ஆறு வரியில் ஒரு பத்தி, அதை நான் அப்படியே வாசிப்பேன். பின்னணியில் கரும்புத் தோட்டத்தின் புகைப்படம். வகுப்பு முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு, இரண்டாம் கலன் எதனால் கொதிக்கிறது என்று ஒரு தாளில் வரையச் சொன்னேன். பெயர்கள் எல்லாம் சரியாக வந்தன. ஆவி எங்கிருந்து எங்கே போகிறது என்ற அம்புக்குறியைப் பெரும்பாலோர் தவறாகப் போட்டிருந்தார்கள்.

ரோஸ் ஹில், மொரீஷியஸ்

தம்பி, 'அறிவாற்றல்' திறமையைக் குறிக்கும் சொல். இங்கே பாரம் ஏறுவது அறிகிற செயலின் மேல். ஆகவே 'அறிதற்சுமை' என்பேன். 'புலனுணர்வுச் சுமை' என்றும் எங்கோ பார்த்தேன். அது கண்ணும் காதும் உணர்வதைச் சொல்வது, வேண்டாம்.

ஸ்லைடைப் பொறுத்தவரை, மனித நினைவில் ஏழு நிற்கும் என்பது பழைய கணக்கு. ஏழு வரி, வரிக்கு ஏழு சொல். ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு அப்படித்தான் சொன்னார்கள். உங்கள் பத்தியை ஏழு புள்ளிகளாக உடைத்தால் வேலை முடிந்தது.

கத்ர் போர்ன், மொரீஷியஸ்

சுமை என்றதும் என் கதைதான் நினைவுக்கு வந்தது. படங்களை அப்படியே ஒட்டிவைத்ததில் என் ஸ்லைடுக் கோப்பு மிகவும் பெருத்துவிட்டது. வகுப்பறைக் கணினியில் திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. படங்களைச் சுருக்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். இதைத்தானே கேட்கிறீர்கள்?

ரெதுய்

அது கோப்பின் கனம் ஐயா, நான் கேட்பது மாணவர் மனத்தின் கனம். ஆனாலும் உங்கள் கேள்வி உதவியது. வெறுமனே 'சுமை' என்று எழுதினால் படிக்கிறவர் வேறு பக்கம் போய்விடுவார் என்று தெரிகிறது.

செயின் தெனி, ரெயூனியன்

இங்கே நாங்கள் பிரெஞ்சில் ஷார்ஜ் கொக்னிதிவ் என்போம். கல்வி உளவியல் என் துறை என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ரோஸ் ஹில் ஐயாவின் ஏழு. உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய ஏழு, கேட்ட உடனே திருப்பிச் சொல்லும் எண்கள், சொற்கள் போன்றவற்றுக்கானது. திரையில் கண்முன்னே நிற்கும் வரிகளுக்கு அதைப் பொருத்த முடியாது. 2001இல் இன்னொரு உளவியலாளர் நெல்சன் கவன் அந்த எண்ணையே ஏறத்தாழ நான்காகக் குறைத்தார். பத்தியை ஏழு புள்ளிகளாக உடைத்தாலும் ஆசிரியர் பேசப் பேச மாணவர் வாசித்துக்கொண்டுதான் இருப்பார். அறிதற்சுமை என்ற சொல்லை மட்டும் மனமார ஏற்கிறேன்.

இனி ரெதுய் ஸ்லைடு. ஜான் ஸ்வெல்லர் 1980களில் ஆஸ்திரேலியாவில் வளர்த்த அறிதற்சுமைக் கொள்கையின்படி பார்த்தால் அதில் இரண்டு பாரங்கள் கலந்து கிடக்கின்றன. முதல் கலனின் ஆவி இரண்டாம் கலனைச் சூடாக்குகிறது. இரண்டாவதில் அழுத்தம் குறைவு, அதனால் அங்கே சாறு குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கிறது. ஆவி, அழுத்தம், கொதிநிலை மூன்றையும் சேர்த்துப் பிடித்தால்தான் புரியும். இது பாடத்தோடு பிறந்த கடினம், யாராலும் துடைக்க முடியாது. A என்ற எழுத்தைப் படத்தில் பார்த்து, பட்டியலுக்கு ஓடி, பெயரைச் சுமந்துகொண்டு படத்துக்குத் திரும்புவதோ நீங்கள் சேர்த்தது. அந்த ஓட்டத்துக்கும் ஒரு சொல் வேண்டும். 'கண்ணலைச்சல்' என்று வைக்கலாமா?

'புறச்சுமை' எனக்கு இடிக்கிறது. வெளியே மழைச் சத்தம், பக்கத்து வகுப்பின் கூச்சல் என்று நினைக்கவைக்கும். பாரம் ஸ்லைடுக்குள்ளேயே இருக்கிறது. 'வீண்சுமை' என்றால் எடுத்துவிடக்கூடியது என்பதும் சொல்லிலேயே தெரியும்.

ரெதுய்

வீண்சுமை பிடித்திருக்கிறது அக்கா. கண்ணலைச்சலை இன்றே எழுதிக்கொண்டேன். இப்போது நான் காட்டும் ஸ்லைடுகள் இப்படி:

முதல் ஸ்லைடில் ஒரே கலன். 'சாறு', 'நீராவி', 'வெளியேறும் ஆவி' என்ற பெயர்கள் அந்தந்த இடத்தின் மேலேயே. வேறு எழுத்து இல்லை.

இரண்டாவதில் அதே கலன் அதே இடத்தில், பக்கத்தில் இன்னொன்று. முதல் கலனின் ஆவி அம்புக்குறியாக நீண்டு இரண்டாவதற்குள் போகிறது. இங்கே நிறுத்தி, 'இரண்டாவதும் கொதிக்க என்ன மாற வேண்டும்?' என்று கேட்கிறேன். அதன் பிறகுதான் அழுத்தம் குறையும் செய்தி.

மூன்றாவதில் நான்கு கலன்களும். ஒவ்வொன்றின் வயிற்றிலும் அதன் வெப்பநிலை: முதலாவதில் 100 பாகைக்குச் சற்று மேல், கடைசியில் 60க்கும் கீழ். உள்ளே வரும் சாற்றில் நூற்றுக்கு 15 பங்கு கரைபொருள், வெளியே போகும்போது 65.

பத்தி என் வாயில் மட்டும். அதை அச்சிட்டு வகுப்பின் முடிவில் கொடுக்கிறேன். தோட்டப் படத்தை எடுத்துவிட்டேன். ஒரு ஸ்லைடு மூன்றானது, நேரம் கூடவில்லை. அம்புக்குறி இப்போது பெரும்பாலும் சரியாக வருகிறது.

மோக்கா, மொரீஷியஸ்

நான் செய்யுள் நடத்துகிறேன். பாட்டு, பதம் பிரித்தது, உரை, பிரெஞ்சுப் பொருள் நான்கும் ஒரே ஸ்லைடில் இருக்கும், உரையை வாசிக்கவும் செய்வேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பாட்டை மட்டும் விட்டு மற்றதை எடுக்க வேண்டும். ஆனால் என் மாணவர் வீட்டில் பேசுவது கிரியோல். எழுத்தைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டால் சொல் எங்கே முடிகிறது என்றே தெரியாது. அவர்களுக்கு எழுத்து எப்படி வீண்சுமை ஆகும்?

செயின் தெனி

ஆகாது அம்மா. பேச்சையே எழுத்திலும் காட்டினால் கெடுதல் என்ற முடிவு, படமும் ஓடும்போது, தாய்மொழியில் கேட்பவரிடம்தான் வலுவாகக் கிடைத்தது. இரண்டாம் மொழியில் கேட்பவருக்கு எழுத்து கைகொடுக்கும். உங்கள் ஸ்லைடில் எனக்கு உறுத்துவது கண்ணலைச்சல்தான். பதம் பிரித்த வரியைப் பாட்டின் அந்தந்த வரிக்கு நேர் கீழே போடுங்கள். பிரெஞ்சுப் பொருள் அடுத்த ஸ்லைடில் வரட்டும். மூன்றாம் ஆண்டு மாணவருக்குப் பதம் பிரித்ததும் தேவைப்படாது, அவர்களுக்கு அதுவே இடைஞ்சலாகும்.

ரோஸ் ஹில்

அங்கேதான் 'வீண்' உதைக்கிறது. முதலாண்டில் உதவியானது மூன்றாமாண்டில் வீண் என்றால், வீண் என்பது ஸ்லைடின் குணமில்லையே, பார்க்கிறவரைப் பொறுத்தது. 'இடைச்சுமை' என்று வைத்தால் என்ன? பாடத்துக்கும் மாணவருக்கும் இடையில் நாம் வைத்த சுமை. ஏழு வரியை விட்டுவிடுகிறேன்.

ரெதுய்

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 'இடைச்சுமை' என்று கேட்டதும் புதிய விரிவுரையாளருக்கு எதையாவது எடுக்கத் தோன்றுமா என்பது என் ஐயம். இந்தப் பதிப்பில் வீண்சுமை என்றே போட்டு, உங்கள் மறுப்பையும் ஒரு வரியில் சேர்க்கிறேன். பாடத்தோடு பிறந்த கடினத்துக்கு இன்னும் சொல் இல்லை. 'பாடச்சுமை' என்று எழுதிப் பார்த்தேன். வீட்டில் அம்மா, 'புத்தகம் நிறைய இருக்கிறதா?' என்று கேட்டார். அதையும் அடித்துவிட்டேன்.