இரண்டு சொற்கள் தேவை: 'டெப்த்'துக்கு ஒன்று, 'பொகே'வுக்கு ஒன்று

விளாச்சேரி, பொம்மைப் பட்டறையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டில் களிமண் கொலு பொம்மை செய்கிறோம். நவராத்திரிக்கு முன்னால் மொத்த வியாபாரிகளுக்குப் படத்தோடு விலைப்பட்டியல் அச்சடிப்போம். எந்தப் பொம்மையை எப்படிப் படமெடுக்க வேண்டும் என்று போட்டோகிராபருக்குத் தாளில் எழுதிக் கொடுப்பது என் வேலை. அந்தத் தாளில் எழுதச் சரியான சொல் இல்லாமல் இரண்டு முறை படம் வீணாகிவிட்டது.

பிள்ளையார் பொம்மை ஒன்று. 18 செ.மீ. உயரம். துதிக்கை நுனியிலிருந்து பீடத்தின் பின் விளிம்பு வரை 8 செ.மீ. அதை முற்றத்தில் வைத்தோம். அரை மீட்டர் பின்னால், வண்ணம் பூசிக் காயவைத்த பொம்மைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பிள்ளையார் தனித்துத் தெரிய வேண்டும், பின்னால் இருப்பது பட்டறை என்று புரிந்தால் போதும் என்பது என் எண்ணம். "படத்தில் நல்ல ஆழம் வேண்டும்" என்று எழுதினேன். அவர் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, சுருக்கி எஃப் 11-இல் வைத்து எடுத்தார். பிள்ளையாரும் தெளிவு, பின்னால் இருக்கும் செட்டியார் பொம்மையின் மீசையும் கிட்டத்தட்டத் தெளிவு. கேட்டால், "நீங்கதானே டெப்த் நிறைய கேட்டீங்க" என்றார். அவர் செய்தது சரிதான். நான் நினைத்த ஆழம் வேறு, கேமராக்காரர்கள் சொல்லும் ஆழம் வேறு.

அடுத்த முறை "பின்னணி நன்றாக மங்கலாக இருக்கட்டும்" என்று எழுதினேன். துளையை அகலமாகத் திறந்து எஃப் 1.8 வைத்தார். பின்னணி அழகாகக் கரைந்தது. ஆனால் பிள்ளையாரின் காதும் பின்கையும் சேர்ந்து கரைந்துவிட்டன. காதில் வண்ணம் இழுபட்டிருக்கிறதா என்று ஒரு வியாபாரி போன் செய்து கேட்டார்.

'புல ஆழம்' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் அதைப் படித்தால் 'ஆழம் கூடினால் பின்னணி தள்ளிப்போகும்' என்றுதான் நினைப்போம். நடப்பது நேர்மாறு. 'டெப்த்' என்கிறார்களே, தெளிவாக இருக்கும் அந்தப் பகுதிக்கு ஒரு சொல், 'பொகே' என்கிறார்களே, பின்னணி கரையும் அதற்கு ஒரு சொல், இரண்டும் ஒன்றோடொன்று குழம்பாமல் வேண்டும். உதவுங்கள்.

திருநகர், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

> 'புல ஆழம்' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

அம்மா, புலம் என்பதை மின்புலம், காந்தப்புலம் என்று வேறு பொருளில் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதைக் கேமராவுக்குள் கொண்டுவந்தது பொருந்தவில்லை. பாடநூலில் குவியம், குவியத் தொலைவு என்று நல்ல சொற்கள் இருக்கின்றன. 'குவிய ஆழம்' என்று வைத்துவிடலாம். எது குவியத்தில் இருக்கிறதோ அது தெளிவு, அவ்வளவுதான். பின்னணிக்குத் தனிச் சொல்லே தேவையில்லை. குவிய ஆழத்தைக் குறைத்தால் பின்னணி தானாக மங்கும்.

சிம்மக்கல், ஸ்டூடியோவிலிருந்து

ஐயாவுக்கு வணக்கம். புலம் பற்றி நீங்கள் சொன்னது சரி. மற்ற இரண்டிலும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

முதலில் 'குவிய ஆழம்'. லென்ஸுக்குப் பின்னால், பிம்பம் விழும் பக்கத்தில் ஓர் ஆழம் இருக்கிறது. சென்சார் எவ்வளவு முன்பின் நகர்ந்தாலும் பிம்பம் தெளிவாகவே இருக்கும் என்கிற அளவு அது. கேமரா பழுது பார்ப்பவர்களுக்கு அது தினமும் வேண்டிய சொல். 'குவிய ஆழம்' அதற்குத்தான் பொருந்தும். நாம் பேசுவது லென்ஸுக்கு முன்னால், பொம்மை இருக்கும் பக்கத்தில் உள்ள ஆழம்.

இரண்டாவது, பின்னணி தானாக மங்கும் என்பது. இங்கேதான் அக்காவின் படம் கெட்டது. அந்தப் பிள்ளையாரையே கணக்கில் எடுத்துக்கொள்வோம். ஏபிஎஸ்-சி சென்சார் கேமரா, 50 மி.மீ. லென்ஸ், பொம்மை 1 மீட்டர் தூரத்தில். எஃப் 1.8-இல் தெளிவாக இருக்கும் பகுதி மொத்தமே 2.7 செ.மீ. பொம்மை 8 செ.மீ., காது போகாமல் என்ன செய்யும்? எஃப் 11-இல் ஏறக்குறைய 17 செ.மீ., பாதிக்கு மேல் வீண். எஃப் 5.6-இல் 8.5 செ.மீ. பொம்மைக்கு அளவெடுத்தது போல இருக்கிறது. இந்தத் தூரத்தில் அது முன்னும் பின்னும் கிட்டத்தட்டச் சமமாகப் பிரியும். அதனால் துதிக்கை நுனியில் போக்கஸ் வைத்தால் முன்பாதி காற்றில் போய்விடும். நுனியிலிருந்து 4 செ.மீ. உள்ளே வைக்க வேண்டும். பிள்ளையாருக்கு அது கண் பக்கம்தான் வரும்.

சரி, எஃப் 5.6 வைத்தால் பின்னால் உள்ள வரிசை உறுத்தாதா? அரை மீட்டரிலேயே நின்றால் உறுத்தும். படத்தை 10 செ.மீ. அகலத்தில் அச்சடித்தால், பின்னணியின் ஒவ்வொரு புள்ளியும் 0.7 மி.மீ. வட்டமாகத்தான் பரவியிருக்கும், மீசை தெரியும். அந்த வரிசையை 3 மீட்டர் பின்னால் தள்ளி வையுங்கள். அதே எஃப் 5.6-இல் வட்டம் 1.5 மி.மீ. ஆகிவிடும். எஃப் 1.8-இல் அரை மீட்டரில் கிடைத்ததே 2 மி.மீ.தான். அதில் முக்கால் பங்கு மங்கல் கிடைத்துவிட்டது, பொம்மையின் காதும் தப்பித்தது.

ஆக, தெளிவான பகுதி அப்படியே இருக்க, பின்னணி மட்டும் இருமடங்கு கரைந்திருக்கிறது. இரண்டும் ஒன்றென்றால் இது நடக்காது. அக்கா கேட்டது போல இரண்டு சொற்கள் கட்டாயம் வேண்டும். முதலாவதற்கு 'தெளிவெல்லை' என்று வைக்கலாமா? முன் எல்லை, பின் எல்லை என்று இரண்டு முனையையும் சொல்ல முடியும். 'தெளிவெல்லை 8 செ.மீ.' என்று எழுதினால் எந்தப் பையனுக்கும் புரியும்.

மாட்டுத்தாவணி, பூ மார்க்கெட்டிலிருந்து

தலைப்பில் பொக்கே என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். நாங்கள் கல்யாண ஆர்டருக்குப் பொக்கே கட்டுகிறோம். மாலைக்கும் செண்டுக்கும் தமிழில் பெயர் இருக்கிறது, இதற்கும் 'பூச்செண்டு' என்றே எழுதலாம், புதுச்சொல் எதற்கு?

படத்தைப் பற்றியும் ஒரு சந்தேகம். மல்லிகைச் சரத்தைப் போனில் போர்ட்ரெய்ட் வைத்து எடுத்தால் ஓரத்து மொட்டுகள் பாதி அழிந்துவிடுகின்றன, நார் சுத்தமாகக் காணாமல் போகிறது. இதற்கு என்ன செய்வது?

சிம்மக்கல், ஸ்டூடியோவிலிருந்து

தம்பி, இங்கே பேசுவது படத்தின் பின்னணி மங்குவது பற்றி. நீங்கள் படித்த விதத்தில் தப்பில்லை, தமிழில் இரண்டும் ஒரே மாதிரிதான் வருகின்றன. ஒலிபெயர்த்து விட்டுவிட முடியாது என்பதற்கு இதுவே சாட்சி.

சரம் விஷயம்: போனின் சென்சார் சின்னது, அதனால் தெளிவான பகுதி ரொம்ப நீளம். பின்னணி பெரிதாக மங்க வழியில்லை. எது முன்னால், எது பின்னால் என்று போன் கணித்து, பின்னால் என்று நினைத்ததை அழித்துக் காட்டுகிறது. நார் போன்ற மெல்லிய பொருளை அது பின்னணியில் சேர்த்துவிடும். போர்ட்ரெய்ட்டை எடுத்துவிடுங்கள். சரத்தைக் கிட்டத்தில் வைத்து, பின்னால் உள்ள கூடைகளை நன்றாகத் தள்ளி வைத்துச் சாதாரணமாக எடுங்கள். கொஞ்சம்தான் மங்கும், ஆனால் நார் இருக்கும்.

மேலமாசி வீதி, அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர்

பொகே என்பது ஆங்கிலச் சொல்லே அல்ல. ஜப்பானிய மொழியில் 'பொகெ' என்றால் மங்கல். வயதானவர்களின் நினைவு தடுமாறுவதற்கும் அதே சொல்தான். 1997-இல் 'ஃபோட்டோ டெக்னிக்ஸ்' இதழின் ஆசிரியர் மைக் ஜான்ஸ்டன், படிப்பவர்கள் இரண்டு அசையாக உச்சரிக்கட்டும் என்று கடைசியில் ஓர் 'எச்' சேர்த்து எழுதினார். அந்த எழுத்துக்கூட்டல் நிலைத்துவிட்டது. அவர்கள் தங்கள் வாய்க்கு ஏற்ப மாற்றிக்கொண்டதை, நாம் நம் பொருளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

'மங்கல்' வேண்டாம் என்பது என் எண்ணம். அச்சில் 'மங்கல் விளக்கு' என்று வந்தால் நான் அதை 'மங்கல விளக்கு' என்று திருத்திவிடுவேன். பழக்கத்தில் கை அப்படித்தான் போகும். பூஜைப் பொருள்களைப் பட்டியல் போடும் ஊரில் இது நாள்தோறும் வரும் பிழை. அதோடு மங்கல் என்பது குறை சொல்வது போல ஒலிக்கிறது. அச்சு மங்கலாக இருக்கிறது என்றால் பணம் திரும்பக் கேட்பார்கள்.

'குழைவு' எப்படி இருக்கும்? சோறு குழைந்துவிட்டது என்கிறோம். பருக்கை தனித்தனியாகத் தெரியாமல் ஒன்றோடொன்று சேர்ந்துபோவது. பின்னணியில் நடப்பதும் அதுதான். குரல் குழைகிறது என்று நல்ல பொருளிலும் வரும். 'பின்னணிக் குழைவு' என்று எழுதினால் யாரும் பூச்செண்டு கொண்டுவர மாட்டார்கள்.

சிம்மக்கல், ஸ்டூடியோவிலிருந்து

குழைவு எனக்குப் பிடித்திருக்கிறது. காரணம் ஒன்று உண்டு. பொகே என்பது எவ்வளவு மங்கியது என்பதை மட்டும் சொல்வதில்லை, எப்படி மங்கியது என்பதைச் சொல்கிறது. ஒரே அளவு மங்கினாலும், ஒரு லென்ஸில் பின்னால் உள்ள விளக்கு ஓரம் மெத்தென்று கரைந்த வட்டமாக வரும். இன்னொன்றில் வட்டத்தின் விளிம்பு மட்டும் பளிச்சென்று நிற்கும், மெல்லிய கிளைகளும் கம்பிகளும் இரட்டைக் கோடாகத் தெரியும். பொருளிலிருந்து கண்ணைப் பிடுங்குவது அந்த இரட்டைக் கோடுதான். 'இந்த லென்ஸ் நன்றாகக் குழைகிறது', 'இதில் குழைவு கரடு' என்று சொல்ல வருகிறது பாருங்கள். மங்கலை வைத்து அப்படிச் சொல்ல முடியவில்லை.

திருநகர், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

குவிய ஆழத்தை நான் விட்டுவிடுகிறேன். சிம்மக்கல் தம்பி சொன்னது நியாயம். 3 மீட்டர் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது.

ஆனால் 'தெளிவெல்லை'யை ஏற்க மனம் வரவில்லை. எல்லை என்றால் கல் நட்ட மாதிரி. இந்தப் பக்கம் தெளிவு, அந்தப் பக்கம் மங்கல் என்று அங்கே கோடு எதுவும் கிடையாது. போக்கஸ் வைத்த இடத்தில் உச்சத் தெளிவு, அங்கிருந்து படிப்படியாக இறங்குகிறது. எந்த அளவு பரவலைக் கண் பொறுத்துக்கொள்ளும் என்று நாமாக ஓர் அளவு வைத்துத்தான் 8.5 செ.மீ. என்கிறோம். அதே படத்தைப் பெரிதாக்கி, கிட்டத்தில் நின்று பார்த்தால் அந்த 8.5 சுருங்கிவிடும். 'தெளிவு வீச்சு' என்றால் இந்தக் குறை இல்லை.

சிம்மக்கல், ஸ்டூடியோவிலிருந்து

ஐயா, நீங்கள் சொல்லும் அறிவியல் முழுக்கச் சரி. ஆனால் வீச்சு என்றால் ஸ்டூடியோவில் பையன்கள் லைட்டின் வீச்சு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'வீச்சைக் குறை' என்றால் பல்பைத் திருகுவார்கள். நான் எல்லையிலேயே நிற்கிறேன்.

விளாச்சேரி, பொம்மைப் பட்டறையிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. நேற்று இந்தத் தாளோடு மறுபடி எடுத்தோம். நான் எழுதிக் கொடுத்தது இது:

"தெளிவெல்லை: துதிக்கை நுனி முதல் பீடத்தின் பின் விளிம்பு வரை, 8 செ.மீ. போக்கஸ் கண்ணில். பின்வரிசைப் பொம்மைகள் 3 மீட்டர் தள்ளி. பின்னணி குழைய வேண்டும், பட்டறை என்று தெரிய வேண்டும்."

போட்டோகிராபர் திரும்பி ஒரு கேள்வியும் கேட்கவில்லை, எஃப் 5.6 வைத்தார். காதில் உள்ள பொன் கோடு வரை தெளிவாக வந்திருக்கிறது. பின்னால் நிற்பவை சிவப்பும் மஞ்சளுமாகக் கரைந்து, தலை, தோள் உருவம் மட்டும் தெரிகிறது. தெளிவெல்லை என்று எழுதியது நேற்றைய அவசரத்துக்கு. ஆசிரியர் ஐயா சொன்ன குறை எனக்கும் புரிகிறது. அச்சுக்கு முன்னால் வேறு நல்ல சொல் வந்தால் மாற்றிவிடுகிறேன்.

குழைவில்தான் வீட்டில் ஒரு தடை. தாளைப் பார்த்த அப்பா, "நம்ம தாளில் குழைவு என்றால் மண்ணைக் குழைக்கிற பதம்" என்றார். மண் வாங்கும் கணக்கிலும் அந்தச் சொல்லைத்தான் எழுதுகிறோம். மண்ணுக்கு நெடுநாளாக இருக்கும் சொல்லை நான் எடுக்கக் கூடாது. அதனால் 'பின்னணிக் குழைவு' என்று முழுதாக மட்டும் எழுதுவது என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். 'கரைவு' என்று ஒன்று தோன்றியது. அப்பா அதற்கும் மழையில் கரைந்த பொம்மையைக் காட்டினார். யாரிடமாவது மூன்றாவது சொல் இருந்தால் அனுப்புங்கள்.