ஆங்கிலத்தில் 93-க்கு A2, இயற்பியலில் 88-க்கு A1: மதிப்பெண் பட்டியலில் தவறா?

வித்யாம்மா: மகள் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். ஆங்கிலத்தில் 93, ஆனால் A2. இயற்பியலில் 88 தான், அதற்கு A1. பள்ளியில் கேட்டால் "போர்டு போட்டது" என்கிறார்கள். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டலாமா?

குமார்_80: கட்டுங்கள் மேடம், கட்டாயம் தவறுதான். 91-க்கு மேல் என்றால் A1. என் பையன் பத்தாவது முடித்தபோது அப்படித்தான் போட்டார்கள்.

பழைய திருத்துநர்: குமார் சார் சொல்வது சிசிஇ காலத்துப் பத்தாம் வகுப்பு அளவுகோல். பன்னிரண்டாவதில் மதிப்பெண்ணைப் பார்த்து கிரேடு தருவதில்லை. அந்தப் பாடத்தில் தேர்ச்சி பெற்றவர்களை வரிசைப்படுத்தி எட்டாகப் பிரிக்கிறார்கள். முதல் எட்டில் ஒரு பங்குக்கு A1, அடுத்த பங்குக்கு A2. ஆங்கிலத்தில் நிறையப் பேர் 95-க்கு மேல் வாங்கிவிட்டால் 93 இரண்டாம் பங்குக்குப் போய்விடும்.

ஒரு பேச்சுக்கு, 80,000 பேர் தேர்ச்சி என்றால் A1-க்கு 10,000 இடம். 94-உம் அதற்கு மேலும் வாங்கியவர்கள் 9,600 பேர், 93 வாங்கியவர்கள் 1,600 பேர் என்று வையுங்கள். 400 பேர் கோட்டுக்கு மேலே, 1,200 பேர் கீழே. ஒரே மதிப்பெண்ணைப் பிரிக்க மாட்டார்கள்; சிறிய பகுதி பெரிய பகுதியோடு சேரும். அதனால் 1,600 பேருக்கும் A2.

வித்யாம்மா: அப்போ மாடரேஷனில் ஏதாவது குறைத்திருப்பார்களோ?

பழைய திருத்துநர்: ஒரு செட் வினாத்தாள் மற்றதைவிடக் கடினமாக இருந்தால் அதை ஈடுகட்டத்தான் மாடரேஷன். ஆனால் எவ்வளவு சேர்ந்தது என்று பட்டியலில் தனியாகக் காட்ட மாட்டார்கள். கருணை மதிப்பெண்ணும் அப்படித்தான், மொத்தத்தில் கலந்துவிடும். கிரேடுக்காக மட்டும் பணம் கட்டாதீர்கள். விடைத்தாள் நகல் வாங்கிக் கூட்டிப் பாருங்கள். கூட்டல் பிழையோ, திருத்தாமல் விட்ட விடையோ தெரிந்தால் மேலே போகலாம்.

செல்வி அக்கா: எங்கள் கதை வேறு. தம்பி மகன் தமிழ்நாடு போர்டு. வேதியியலில் எழுத்துத் தேர்வு 13, செய்முறை 20, அகமதிப்பீடு 10. மொத்தம் 43. பாஸ் மார்க் 35 தானே, ஏன் ஃபெயில்? கிரேஸ் மார்க் போட மாட்டார்களா?

பழைய திருத்துநர்: அக்கா, மொத்தம் 35 போதாது. 70-க்கு நடக்கும் எழுத்துத் தேர்வில் 15 வேண்டும். அவனுக்கு இரண்டு குறைகிறது. செய்முறையில் முழு மதிப்பெண் வாங்கியதை அந்தப் பக்கம் தள்ள முடியாது. கருணை மதிப்பெண்ணைக் கேட்டு வாங்க முடியாது. நகல் வாங்கிப் பாருங்கள், இல்லையென்றால் துணைத்தேர்வு.

குமார்_80: சரி, அப்போ 93-க்கு A2 என்றால் கல்லூரியில் குறைத்துப் பார்ப்பார்களா?

வித்யாம்மா: அதுதான் எனக்கும் பயம். நாங்கள் விண்ணப்பிக்கும் இடத்தில் மதிப்பெண்ணை மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள். மற்ற இடங்கள் எப்படியோ, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.