மேசன் சூத்திரத்தில Δ2 என்ன வரும்? ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ

வணக்கம், கிளிநொச்சியில எஞ்சினியரிங் படிக்கிற அண்ணாமார் அக்காமார் ஆராவது இருந்தா இதைப் பாருங்கோ. சிக்னல் ஃப்ளோ கிராஃப் ஒண்டு, x1 தான் இன்புட், x4 அவுட்புட். x1இல இருந்து x2, x3, x4 எண்டு வரிசையா G1, G2, G3 போகுது, அதோட x1இல இருந்து நேரா x4க்கு G4 ஒண்டு பாயுது. பின்னால வாறது x3இல இருந்து x2க்கு -H1, x4இல இருந்து x3க்கு -H2.

ரெண்டு லூப்பும் x3இல முட்டுது, அதால Δவில L1L2 பெருக்கம் வராது:

```
Δ = 1 + G2H1 + G3H2
```

முதல் பாதை எல்லா நோடாலயும் போறதால Δ1 = 1, அதில சண்டை இல்லை. பிரச்சினை G4 பாதைதான். அது x1, x4 ரெண்டை மட்டும் தொடுது, முதல் லூப் x2, x3இலயே நிக்குது, அப்ப Δ2 = 1 + G2H1 எண்டுறன் நான். கூடப் படிக்கிறவர் லூப் ரெண்டும் ஒண்டையொண்டு முட்டினா Δ2வும் 1 தான் எண்டுறார். ஆனா Δ2வுக்குப் பாக்க வேண்டியது லூப் பாதையை முட்டுதோ எண்டதைத்தானே?

எல்லாத்துக்கும் 1 போட்டா எனக்கு 3/3 = 1, அவருக்கு 2/3. நோட் சமன்பாடுகளை நேரா தீர்த்தாலும் 1 தான் வருது.

இப்ப x4இல இருந்து x2க்கு -H3 சேர்த்தா Δவில G2G3H3 கூடும், Δ2 மாறாது எண்டு நினைக்கிறன், சரியோ? பெரிய கிராஃபில லூப் தவறாமப் பிடிக்க நீங்கள் என்ன ஒழுங்கில தேடுறனீங்கள்?