வரைபட எல்லைக்கு இன்னும் வராத தண்டு: சீவ மிச்சமிருப்பதற்கு என்ன சொல்?

ஹற்றன், தொழிற்பயிற்சி ஆசிரியர்:
தேயிலை ரோலர் தண்டொன்றில் பெயாரிங் ஏறும் இடத்துக்கு வரைபடம் 50 k6 என்கிறது. 50.002 முதல் 50.018 மில்லிமீற்றர் வரை இருக்கலாம். லேத்திலிருந்து வந்த தண்டு பருத்திருக்கிறது, அளந்தால் 50.046. இனி எடுக்க வேண்டிய அளவைப் பிள்ளைகளுக்கு எந்தச் சொல்லால் சொல்வது?

பண்டாரவளை:
‘மிகை’ போதுமே, சேர். மேல் எல்லையைக் கழித்தால் 0.028. அதை எடுத்தால் வேலை முடிந்தது.

நுவரெலியா, பழைய கடைச்சல்காரர்:
தம்பி, கழித்தது சரி. ஆனால் 0.028 எடுத்தால் எல்லைக்கோட்டில்தான் போய் நிற்பீர்கள். சேர், ஒரே இடத்தில் அளந்து முடிவெடுக்க வேண்டாம். இரண்டு முனையிலும் நடுவிலும், ஒவ்வோரிடத்திலும் தண்டைத் திருப்பி இரண்டு திசையிலும் பாருங்கள். மிகப் பெரிய அளவு 50.046, மிகச் சிறியது 50.040 என்று வைப்போம். பெரியது 0.028 ஆவது இழக்க வேண்டும்; சிறியது 0.038க்கு மேல் இழக்கக் கூடாது. எமரித் துணியால் எல்லா இடத்திலும் ஒரே அளவு எடுப்பதானால் நடுவே 0.033 எடுக்கலாம், 50.013, 50.007 என்று வந்து நிற்கும். அந்த 0.028க்குக் ‘கட்டாயச் சீவல்’, 0.038க்குச் ‘சீவல் எல்லை’ என்பேன். இரண்டும் சேர்ந்தது ‘சீவற்பாக்கி’. ஒற்றை எண்ணாகச் சொன்னால்தான் தண்டு கெடுகிறது.

இவை எல்லாம் விட்டக் கணக்கு. குறுக்கு ஸ்லைட் டயல் ஆரையைக் காட்டும் லேத்தில் 0.033ஐ அப்படியே தள்ளினால் இரட்டிப்பாகக் குறையும்.

பதுளை:
எங்களிடம் ஒரு தண்டு தேய்ந்து 49.9 ஆகிவிட்டது. அதற்கும் சீவற்பாக்கி பார்க்கலாமா?

நுவரெலியா:
அது வேறு வேலை, தங்கச்சி. முதலில் உலோகம் ஏற்ற வேண்டும். ஏற்றி, திரும்பக் கடைந்து பருமனாக வந்தபிறகே இந்தக் கணக்கு.

ஹற்றன்:
எமரி பிடித்தவுடன் அளந்தால்?

நுவரெலியா:
சூட்டோடு அளக்காதீர்கள். தண்டு 20 பாகை கூடுதலாகச் சூடாக இருந்தால், 50 மில்லிமீற்றர் விட்டம் ஏறக்குறைய 0.011 பெரிதாகத் தெரியும். சூட்டில் 50.010 காட்டியது ஆறியதும் 49.999, கீழ் எல்லை போய்விட்டது. அதற்குப் பிறகு பெயாரிங்கின் உள்வளையம் தண்டில் வழுக்கித் தேய்க்கும். தண்டும் மைக்ரோமீற்றரும் ஒரே மேசையில் ஒரே சூட்டுக்கு வரட்டும். பூச்சியத்தையும் 50 மில்லிமீற்றர் கேஜால் பாருங்கள்.

பண்டாரவளை:
விளங்குது அண்ணே. ஆனால் கிரைண்டரில் போட்டால் ‘சீவல்’ பொருந்துமா? அங்கே கூர் உளி இல்லையே. ‘நீக்கற்பாக்கி’ என்றால் இரண்டுக்கும் வரும்.

நுவரெலியா:
கிரைண்டரில் சென்டருக்கு நடுவே பிடித்தால் கணக்கும் மாறும்: பருத்த முனையில் கூட, ஒல்லி முனையில் குறைவாகப் போகும். கட்டாயச் சீவலைப் பெரிய அளவிலிருந்தே பாருங்கள். ‘நீக்கல்’ எனக்கு வெறுமையாகக் கேட்கிறது. பட்டறையில் யாரும் சொல்லமாட்டார்கள். சேர், பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லிப் பாருங்கள்.