கலைச்சொல்: கையொப்பத்துக்கும் முத்திரைக்கும் விடும் இடத்தை எப்படி அழைப்பது?

களுவாஞ்சிக்குடி, வடிவமைப்பாளர்

எல்லோருக்கும் வணக்கம். தையல் பயிற்சி முடித்தவர்களுக்குக் கொடுக்க ஒரு சான்றிதழ் மாதிரி செய்கிறேன். கிடையாக வைத்த ஏ4 தாள். இடப்பக்கம் பயிற்சிப் பொறுப்பாளரின் ஒப்பம், வலப்பக்கம் பிரதேச செயலாளரின் ஒப்பம், நடுவில் வட்ட முத்திரை. மற்றச் சங்கங்களும் எடுத்துப் பெயரை மாற்றிப் பாவிக்கும்படி, பிடிஎஃப்புடன் மூலக்கோப்பையும் கொடுக்கப் போகிறோம்.

கோப்பில் ஒவ்வொரு அடுக்குக்கும் தமிழில் பெயர் வைத்திருக்கிறேன். சுற்றுவர வரும் அலங்காரத்துக்குக் 'கரை' என்று வைத்தேன். சேலைக்கரை என்று சொல்லிப் பழகிய ஊரில் அதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சிக்கல் மூன்றாவது அடுக்கில்தான். பேனையும் முத்திரையும் பின்னர் வந்து படுவதற்காக, ஒன்றுமே அச்சிடாமல் விடுகிற பகுதி அது. இப்போதைக்குக் 'கையொப்பப் புலம்' என்று எழுதியிருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை.

அக்கரைப்பற்று, கணினிப் பயிற்றுநர்

புலம் நல்ல சொல்தானே தங்கச்சி, ஏன் மாற்ற வேண்டும்? பிடிஎஃப்பில் அந்தப் பெட்டியைச் சொடுக்கினால் இலத்திரனியல் ஒப்பம் கேட்கும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு நாட்டில் அதற்கு ஏற்பும் உண்டு. தாளில் ஒப்பமிட்டுத் திரும்ப ஸ்கேன் பண்ணுகிற வேலையும் மிச்சம்.

மட்டக்களப்பு, ஓய்வுபெற்ற ஆசிரியை

தம்பி, அவ கேட்டது பேனையால் போடுகிற ஒப்பத்தைப் பற்றி. நீங்கள் சொன்னதைப் பார்த்தாலே 'புலம்' ஏன் சரிவராது என்று விளங்குகிறது. சொடுக்கி நிரப்புகிற பெட்டிக்கு அந்தச் சொல் நிலைத்துவிட்டது. வெறும் தாளுக்கும் அதையே வைத்தால், படிவம் செய்கிறவர் உண்மையிலேயே ஒரு பெட்டியை அங்கே போட்டுவிடுவார்.

'வெற்றிடம்' என்பாரும் இருப்பார்கள். நம் நாட்டில் அதைக் கேட்டதும் பதவி வெற்றிடம்தான் ஞாபகம் வரும். பிள்ளைகளுக்கு "இடம் விட்டு எழுது" என்று சொல்கிறோமே, அந்த விடுதலிலிருந்தே எடுக்கலாம்: விடுவெளி. அதற்குள் ஒப்பவெளி, முத்திரைவெளி என்று இரண்டு.

கல்முனை, அச்சகம் நடத்துபவர்

மிஸ் சொன்ன சொல் நல்லது. ஆனால் நான் 'மைவெளி' என்றுதான் கேட்பேன். ஏன் விடுகிறோம் என்ற காரணம் சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும். வெறுமனே வெளி என்று போட்டால் அடுத்த ஆள் அழகுக்காக விட்டதென்று நினைத்து ஒரு பூவைக் கொண்டு வந்து வைப்பார். மை என்று இருந்தால் கை வைக்க யோசிப்பார்.

வாழைச்சேனை, சனசமூக நிலையம்

பூ வைத்தால்தான் என்ன? மிக மெல்லிய நிறத்தில் போட்டால் ஒப்பம் அதன் மேல் தெளிவாகத் தெரியுமே. காசோலையிலும் அடியில் கோலம் இருக்கிறது.

கல்முனை, அச்சகம் நடத்துபவர்

தெரியும், அதில் நீங்கள் சொல்வது சரி. பார்வைக்கு மெல்லிய நிறம் தடையில்லை. காசோலையை அச்சிடும் மை தாளுக்குள் இறங்கிவிடும். லேசர் அச்சு அப்படியில்லை. அந்தத் தூள் உருகித் தாளின் மேல் பிளாஸ்டிக் படலம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். மெல்லிய நிறமென்றால் சிறு புள்ளிகளாக ஒட்டும், அடர் நிறமென்றால் முழுக்க மூடிவிடும். பேனை அதில் வழுக்கும், முத்திரை மை உள்ளே இறங்காமல் மேலேயே ஈரமாக நிற்கும். மினுக்கு அட்டையென்றால் இன்னும் மோசம். முத்திரை குத்திக் கொஞ்ச நேரம் கழித்து விரலால் தடவிப் பாருங்கள். இழுபட்டால் அந்த அட்டை இதற்கு ஆகாது.

இனி அளவு. கரையைத் தாள் விளிம்பிலிருந்து 12 மி.மீ. உள்ளே தொடங்குங்கள். அச்சு இயந்திரம் தாளை 1 மி.மீ. தள்ளி இழுப்பது சாதாரணம். கரை 4 மி.மீ.யில் இருந்தால் ஒரு பக்கம் 3, மறுபக்கம் 5 ஆகி, கோணலாக வெட்டியது போலத் தெரியும். 12இல் இருந்தால் 11, 13. கண் கண்டுபிடிக்காது. அச்சிடும்போது `Actual size` என்பதைத் தெரிவுசெய்திருக்க வேண்டும். `Fit` என்று விட்டால் எல்லாமே சுருங்கி, முத்திரைக்கு விட்ட இடமும் சுருங்கும்.

கரையின் தடிப்பு 5, அதற்கு உள்ளே மூச்சுவிட 8. ஆக, ஒவ்வொரு பக்கமும் 25 போனால் 297இல் 247 மிஞ்சும். ஒப்பத்துக்கு 75 மி.மீ. அகலத்தில் இரண்டு, முத்திரைக்கு 45. மொத்தம் 195. மீதி 52ஐ இரண்டு இடைவெளிக்கும் 26 ஆகப் பிரியுங்கள். முத்திரை 38 மி.மீ. விட்டமென்றாலும் கையால் குத்துவதால் அந்த 45 வேண்டும்.

எல்லோரும் மறப்பது ஒப்பக் கோட்டுக்குக் கீழேதான். ஒப்பத்துக்குக் கோட்டுக்கு மேல் 20 மி.மீ. விடுவார்கள். கீழே பெயரையும் பதவியையும் அச்சடித்துவிடுவார்கள். அடுத்த மாதம் அவர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டால் மீதித் தாள்களெல்லாம் வீண். வருகிறவர் தன் பெயரும் பதவியும் கொண்ட இறப்பர் முத்திரையோடு வருவார். அதைக் குத்தக் கோட்டுக்குக் கீழே 22 மி.மீ. வெறுமையாக விடுங்கள். இதுவும் மைவெளிதான்.

மட்டக்களப்பு, ஓய்வுபெற்ற ஆசிரியை

அந்த 22 மி.மீ. எனக்குத் தோன்றவேயில்லை, நல்லாச் சொன்னீங்க. அப்படியென்றால் ஒப்பவெளி என்பது கோட்டுக்கு மேலும் கீழும் சேர்ந்த ஒரே பகுதி என்று விளக்கத்தில் எழுதிவிட வேண்டும்.

திருக்கோவில், சங்கச் செயலாளர்

'மை' என்றால் நாங்கள் எங்கே போவது? எங்கள் சங்கத்தில் மையே இல்லாத அழுத்த முத்திரை. தாளை இடுக்கிப் பிடித்து அமுக்கினால் எழுத்து புடைத்து வரும். முன்பு ஓர் இடத்தில் சான்றிதழ் செய்வித்தபோது முத்திரைக்கு நடுவில் அழகாக இடம் விட்டுத் தந்தார்கள். கருவியின் வாய் அங்கே எட்டவில்லை. கடைசியில் தாளின் ஓரத்தில் கரைக்கு மேலேயே அமுக்கினோம். புடைத்த இடத்தில் கரையின் நிறம் வெடித்து உதிர்ந்தது. பெற்றவர்கள் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை.

கல்முனை, அச்சகம் நடத்துபவர்

அண்ணன், கருவிக்குள் ஒரு வேண்டாத தாளை முட்டும்வரை செருகி அமுக்கி, விளிம்பிலிருந்து வட்டத்தின் நடுவுக்கு எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள்.

திருக்கோவில், சங்கச் செயலாளர்

30 மி.மீ. வட்டம் 40.

களுவாஞ்சிக்குடி, வடிவமைப்பாளர்

என் மாதிரியில் முத்திரையின் நடு, கீழ் விளிம்பிலிருந்து 47.5 மி.மீ.யில் இருக்கிறது. அண்ணனின் கருவி அங்கே எட்டாது. 30இல் வைத்தால் வட்டம் 10இலிருந்து 50 வரை வரும். கரை 12இலிருந்து 17 வரை. அதனால் அந்த இடத்தில் கரையையே அறுத்துவிட்டு, இரு முனைகளிலும் ஒரு சிறு கொடியோடு முடிக்கலாம். இறப்பர் முத்திரைக்கு ஒன்று, அழுத்த முத்திரைக்கு ஒன்று என்று இரண்டு மாதிரி தருகிறேன்.

அடுக்குக்கு இப்போதைக்கு 'விடுவெளி' என்றே போடுகிறேன், மை இல்லாத முத்திரையையும் அது தாங்கும். உள்ளே 'ஒப்பவெளி', 'முத்திரைவெளி'. LibreOffice Draw இல் அந்த அடுக்கின் `Printable` அடையாளத்தை எடுத்துவிட்டேன். இடம் காட்டும் பெட்டிகள் திரையில் தெரியும், அச்சில் வராது. அந்தப் பெட்டிகளை யாரும் நகர்த்தாதிருக்க, அடுக்கைப் பூட்டியும் வைக்கிறேன்.

கல்முனை, அச்சகம் நடத்துபவர்

பூட்டினது நல்லது. ஆனாலும் சொல்லை நான் இன்னும் விடவில்லை. என் கடைப் பிள்ளைகள் மைவெளி என்றதும் உடனே பிடித்துக்கொண்டார்கள். விடுவெளி என்றதற்கு, "எதை விட வேண்டும்?" என்று கேட்டார்கள். வேறு அச்சகங்களில் இருப்பவர்களும் தங்கள் ஆட்களிடம் கேட்டு எழுதுங்கள்.